ஒரு குதிரைவலு, இரண்டு பம்பிகள்: பெயர்த்தகட்டின் படத்தை வாசித்தல்

ஆவணி மாதத்தில் ஒரு நாள், வலிகாமத்துச் செம்மண் கிராமம் ஒன்றிலிருந்து எமக்கு இரண்டு படங்கள் வந்தன. அனுப்பியவர் ஆறு பரப்பில் சின்ன வெங்காயம் செய்யும் விவசாயி. பழைய மண்ணெண்ணெய் இயந்திரத்தைக் கைவிட்டு மின்சார நீர்ப்பம்பி ஒன்று வாங்குவதற்காகச் சங்கத்தில் கடன் எடுத்திருந்தார். கடையில் இருந்த இரண்டு பம்பிகளின் பெயர்த்தகடுகளையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து, "இரண்டும் ஒரு குதிரைவலுதான். விலை குறைஞ்சதை எடுக்கட்டோ? மருமகன் இரண்டு குதிரைவலு எடுக்கச் சொல்லுறான்" என்று கேட்டிருந்தார்.

இக்கேள்வி பலரிடம் இருப்பதால், அவருடைய இரண்டு படங்களையும் அவருடைய கிணற்றையும் வைத்துக்கொண்டே இப்பாடத்தை எழுதுகிறோம். குதிரைவலு என்பது மோட்டர் எவ்வளவு வேலை செய்யும் என்பதை மட்டுமே கூறும். அந்த வேலை தண்ணீரை அதிக உயரத்துக்குத் தள்ளுவதில் செலவாகிறதா, அதிக தண்ணீரைக் குறைந்த உயரத்துக்குத் தள்ளுவதில் செலவாகிறதா என்பதைத் தகட்டிலுள்ள வேறு இரண்டு எழுத்துக்களே கூறுகின்றன.

முதலில் படம் தெளிவாக இருக்கட்டும்

அவர் அனுப்பிய முதற் படத்தில் தகட்டின் நடுவில் வெளிச்சம் பட்டு வெள்ளையாகத் தெரிந்தது. வாசிக்கவேண்டிய எண்கள் அந்த வெள்ளைக்குள்தான் இருந்தன. தகட்டை ஈரத்துணியால் துடைத்து, கைத்தொலைபேசியின் மின்னொளியை நிறுத்தி, சற்றுப் பக்கவாட்டாக நின்று மீண்டும் எடுக்குமாறு கூறினோம். தகட்டின் நான்கு மூலைகளும் படத்துக்குள் வரவேண்டும். பம்பி முழுவதும் தெரியும் இன்னொரு படமும், குழாய் பூட்டும் வாய்களின் படமும் வேண்டும்.

படத்தில் நாம் அதிகம் தவறுவது தசமப் புள்ளியில். 0.75 என்பது 75 போலவும் 5.2 என்பது 52 போலவும் தெரியும். இதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. ஒரு குதிரைவலு ஏறத்தாழ 0.75 கிலோவாற்று. ஆகவே HP என்ற எண்ணை முக்காலால் பெருக்கினால் kW என்ற எண் வரவேண்டும். வராவிட்டால் ஒன்றைப் பிழையாக வாசித்திருக்கிறோம், அல்லது தகடே பிழையாக இருக்கிறது.

திரும்ப வந்த படங்களில் இவ்வாறு இருந்தது:

```
(1)  kW 0.75   HP 1    V 230  50 Hz  A 5.0
     Q 10-90 l/min     H 36-20 m     Hmax 38 m
     1" x 1"

(2)  kW 0.75   HP 1    V 230  50 Hz  A 5.2
     Q 100-400 l/min   H 15-6 m      Hmax 16 m
     2" x 2"
```

மேல் வரி மின்சாரத்தைப் பற்றியது. 230 வோல்ற்றும் 50 ஹேட்சும் எமது நாட்டு மின்சாரத்துக்கு உரியவை. கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் பம்பியில் 60 Hz என்று இருக்கும். அதை இங்கு ஓட்டினால் வேகம் குறைந்து, ஏற்றும் உயரம் மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கிவிடும். அங்குள்ள 115 வோல்ற்று மோட்டரானால் எமது மின்சாரத்தில் எரிந்தே போகும்.

அம்பியர் எண் வேறொரு உண்மையையும் காட்டும். 230 ஐ 5 ஆல் பெருக்க 1150 வருகிறது. மோட்டர் மின்கம்பியிலிருந்து எடுப்பது ஏறத்தாழ ஒரு கிலோவாற்றுக்குச் சற்று மேல், தண்டில் கொடுப்பது 0.75 கிலோவாற்று. இது பொருத்தமான கணக்கு. பம்பியின் உடம்பில் 1.5 HP என்று பெரிதாக ஒட்டியிருந்து, தகட்டில் 3.2 அம்பியர் என்று மட்டும் இருந்தால், உள்ளே போவதே 740க்கு மேல் இல்லை, 1.1 கிலோவாற்று வெளியே வர வழியில்லை. அப்படியானால் ஒட்டுத்தாளை விட்டு அம்பியரை நம்புங்கள்.

Q உம் H உம்

Q என்பது ஒரு நிமிடத்தில் வரும் தண்ணீர், லீற்றரில். H என்பது அந்தத் தண்ணீரைப் பம்பி ஏற்றக்கூடிய மொத்த உயரம், மீற்றரில். சில தகடுகளில் Q க்கு அருகில் m³/h என்று இருக்கும். அந்த எண்ணைப் 17 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் என்பது கிடைக்கும். உயரம் அடியில் எழுதப்பட்டிருந்தால் 3.3 ஆல் பிரித்து மீற்றராக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு எண்களும் எதிரெதிராகச் சோடி சேர்கின்றன என்பதே இங்கு விளங்கிக்கொள்ள வேண்டியது. இரண்டாவது தகட்டில் Q 100-400, H 15-6 என்று இருக்கிறது. 100 லீற்றர் வரும்போது 15 மீற்றர் ஏற்றும். 400 லீற்றர் வரும்போது 6 மீற்றர்தான் ஏற்றும். 400 லீற்றரை 15 மீற்றருக்கு ஏற்றும் என்று வாசிப்பது பிழை. Hmax 16 என்பது வெளிவாயை மூடிவிட்டால் நீர்மட்டம் நிற்கும் உயரம். அந்த உயரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரும் வெளியே வராது. கடையில் இரண்டு பெரிய எண்களை மட்டும் சொல்லி விற்பார்கள். அவை இரண்டும் ஒரே நேரத்தில் கிடைப்பதில்லை.

இடையிலுள்ள எண்களை நேர்கோடாகப் பிரித்து மதிப்பிடலாம். இரண்டாவது பம்பி 100 லீற்றருக்கு 15 மீற்றர், 200க்கு 12, 300க்கு 9, 400க்கு 6 என்று இறங்கும். உண்மையான வளைகோடு நடுப்பகுதியில் இதைவிடச் சற்று உயர்ந்திருக்கும். எனவே இம்மதிப்பீட்டில் நாம் ஏமாறமாட்டோம்.

கிணற்றின் உயரத்தை அளத்தல்

அடுத்து அவரை நூலும் கல்லும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போகச் சொன்னோம். ஆவணி, புரட்டாதியில் மாரி மழைக்கு முன் நீர்மட்டம் மிகக் கீழே நிற்கும். அந்த அளவையே எடுக்கவேண்டும். மாசியில் அளந்து வாங்கிய பம்பி ஆவணியில் ஏமாற்றும்.

அவர் தந்த அளவுகள் இவை. காலையில் நீர்மட்டம் தரையிலிருந்து 18 அடி கீழே. பழைய இயந்திரத்தால் இறைக்கும்போது அது மேலும் 5 அடி இறங்குகிறது. ஆகவே 23 அடி. தோட்டத்தில் தண்ணீர் விழும் தொட்டியின் விளிம்பு தரையிலிருந்து 3 அடி மேலே. மொத்தம் 26 அடி, அதாவது 8 மீற்றர். காலைநேர 18 அடியை மட்டும் கணக்கெடுப்பது பலர் விடும் தவறு.

8 மீற்றரோடு கணக்கு முடியவில்லை. தண்ணீர் குழாயின் சுவரில் உராய்ந்து ஓடுவதாலும் பம்பியின் பலம் செலவாகிறது. இதையும் உயரமாகவே கணக்கிடுவர். இரண்டு அங்குலப் பிளாஸ்ரிக் குழாயில் நிமிடத்துக்கு 200 லீற்றர் ஓடும்போது, 100 மீற்றர் நீளத்துக்கு ஏறத்தாழ 6 மீற்றர் உயரம் இவ்வாறு இழக்கப்படும். அவருடைய குழாய் எல்லாம் சேர்த்து 150 அடி, அதாவது 45 மீற்றர். எனவே இழப்பு 3 மீற்றருக்குக் கிட்ட. புட்வால்வுக்கும் வளைவுகளுக்கும் இன்னொரு மீற்றர். 8 உம் 3 உம் 1 உம் சேர்ந்து 12 மீற்றர்.

நிமிடத்துக்கு 200 லீற்றருக்கு 12 மீற்றர் என்பது அவருடைய கிணறும் குழாயும் கேட்பது. இரண்டாவது தகடு கொடுப்பதும் அதுவே. பம்பியும் கிணறும் பொருந்துவது என்பது இதுதான். தண்ணீர் அதிகம் ஓடினால் உராய்வு மிக வேகமாகக் கூடும், பம்பியின் உயரமோ குறையும். ஆதலால் இந்தப் பம்பி இந்தக் குழாயில் தானாகவே 200 லீற்றரை அண்டி நிற்கும்.

குதிரைவலுவையும் சரிபார்ப்போம். லீற்றரை மீற்றரால் பெருக்கி 4500 ஆல் பிரித்தால் தண்ணீருக்குத் தேவையான குதிரைவலு வரும்.

```
200 x 12 / 4500 = 0.53 HP
```

சிறிய பம்பிகள் மோட்டர் கொடுக்கும் வலுவில் ஏறத்தாழப் பாதியையே தண்ணீரில் சேர்க்கின்றன. எனவே 0.53 இன் இரு மடங்கு, ஏறக்குறைய ஒரு குதிரைவலு. கணக்கும் தகடும் ஒன்றையே கூறுகின்றன.

முதலாவது பம்பிக்கு என்ன குறை?

அது கெட்ட பம்பியல்ல, வேறு வேலைக்கானது. அதன் தகடு 20 மீற்றருக்கு மேலான உயரங்களையே கூறுகிறது. 28 மீற்றருக்கு ஏற்ற வேண்டுமானால் நிமிடத்துக்கு 50 லீற்றர் தரும். மாடியிலுள்ள தண்ணீர்த் தாங்கிக்கோ தூவல் நீர்ப்பாசனத்துக்கோ அது தக்கது. ஆனால் இந்தத் தோட்டத்தில் தண்ணீர் திறந்த தொட்டியில் விழுகிறது. பம்பியை எதிர்க்கும் உயரம், குறைந்த தண்ணீர் ஓடும்போது 9 அல்லது 10 மீற்றர்தான். தகட்டிலுள்ள 20 இற்கு வெகு கீழே அது ஓடநேரிடும்.

அவ்வாறு ஓடும்போது சுழல் பம்பி தன் எல்லையைத் தாண்டித் தண்ணீர் தள்ள முயலும். மோட்டர் தகட்டிலுள்ள அம்பியரை விடக் கூடுதலாக இழுத்துச் சூடேறும். பம்பிக்குள் சரளைக் கல் உருள்வது போன்ற சத்தம் கேட்கும். வெளிக்குழாயின் வால்வைப் பாதி மூடினால் சத்தம் அடங்கும், ஆனால் மின்சாரம் வால்வில் வீணாகும். தண்ணீரோ 90 லீற்றரை ஒட்டியே நிற்கும். மின்சாரச் செலவு ஏறத்தாழ அதே, தண்ணீர் பாதிக்கும் குறைவு.

ஆறு பரப்புக்கு ஓர் அங்குல ஆழத்துக்குத் தண்ணீர் கட்ட ஏறக்குறைய 38,000 லீற்றர் தேவை. இரண்டாவது பம்பியில் அது மூன்றேகால் மணித்தியாலம். முதலாவதில் ஏழு மணித்தியாலம். மணித்தியாலத்துக்கு ஓர் அலகுக்குச் சற்று மேல் மின்சாரம் போகிறது என்று வைத்தால், ஒவ்வோர் இறைப்பிலும் நான்கு அலகு வீண். விலை குறைந்தது எது என்பதை இதன் பின்னரே தீர்மானிக்கலாம்.

தகட்டில் எழுதப்படாத எல்லை

தரையில் வைத்த பம்பி தண்ணீரை இழுப்பதில்லை. அது குழாயிலுள்ள காற்றை நீக்க, வெளியிலுள்ள காற்றின் அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அந்த அழுத்தம் கொள்கையளவில் 10 மீற்றருக்குத் தள்ளும். நடைமுறையில், குழாய் உராய்வும் சேர்த்து 7 மீற்றருக்கு மேல் நம்ப முடியாது. குதிரைவலுவைக் கூட்டினாலும், H எண் எவ்வளவு பெரிதானாலும் இந்த எல்லை மாறாது.

அவருடைய கிணற்றில் பம்பியைத் தரையில் வைத்தால், இறைக்கும்போது உறிஞ்சும் உயரம் 23 அடி, அதாவது 7 மீற்றர். உறிஞ்சு குழாய்க்கும் புட்வால்வுக்கும் ஒரு மீற்றருக்கு மேல் சேர, எட்டு மீற்றரைத் தாண்டிவிடும். பம்பி காலையில் நன்றாக ஓடி, பத்து மணிக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்து, பின் வெறுமனே சுழலும். பழைய இயந்திரமும் அப்படித்தான் செய்ததாக அவர் கூறினார். எல்லோரும் இயந்திரத்தையே குறை சொல்லியிருந்தார்கள்.

கிணற்றின் உட்சுவரில் தரையிலிருந்து 8 அடி கீழே பழைய கொங்கிறீற்றுத் தட்டு ஒன்று இருந்தது. பம்பியை அங்கு இறக்கினால் உறிஞ்சும் உயரம் 15 அடியாகக் குறைகிறது. நீர்மட்டத்திலிருந்து தொட்டி வரையுள்ள மொத்த உயரம் மாறாதபடியால் 12 மீற்றர்க் கணக்கும் மாறாது. ஆனால் மாரியில் நீர்மட்டம் அத்தட்டுக்கு மேல் வரும் கிணறுகளில், அதற்கு முன் பம்பியை மேலே எடுத்துவிட வேண்டும். கிணற்றுக்குள் இருக்கும் மோட்டருக்குப் புவித்தொடுப்பும் ட்ரிப் சுவிட்ச்சும் கட்டாயம். சுவிட்ச்சைத் தரையில் பொருத்துங்கள். மின்சாரத்தை நிறுத்தாமல் எவரும் கிணற்றுக்குள் இறங்கக்கூடாது.

இரண்டு குதிரைவலு ஏன் வேண்டாம்?

மருமகனுடைய யோசனைக்குக் கிணறே பதில் சொன்னது. இறைப்பை நிறுத்தியபின் ஒரு மணித்தியாலத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று அளக்கச் சொன்னோம். இரண்டு அடி ஏறியது. கிணற்றின் குறுக்களவு 12 அடி. அத்தகைய கிணற்றில் ஓரடித் தண்ணீர் 3,200 லீற்றர். ஆகவே ஊற்று மணித்தியாலத்துக்கு 6,400, அதாவது நிமிடத்துக்கு 107 லீற்றர்.

நிமிடத்துக்கு 200 லீற்றர் இறைத்தால், ஊற்றுப் போக 93 லீற்றரே தேக்கத்திலிருந்து குறைகிறது. ஐந்தடித் தேக்கம் 16,000 லீற்றர். அது மூன்று மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாகத் தாங்கும். ஆறு பரப்பையும் ஒரே காலையில் முடிக்க அது சற்றே போதாது. எனவே மூன்று பரப்பு ஒரு நாள், மூன்று பரப்பு மறுநாள் என்று பிரித்துக்கொண்டார். பெரிய மோட்டர் ஒன்றும் பருத்த குழாயும் போட்டு நிமிடத்துக்கு 400 லீற்றர் எடுத்தால், அதே ஐந்தடி 55 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதன் பின் இரண்டு குதிரைவலுவும் ஊற்றுக்காகக் காத்துநிற்கும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. எமது சுண்ணக்கல்லுக்குள் நன்னீர், பாரமான உவர்நீரின் மேல் ஒரு படையாக மிதக்கிறது. மேலே நன்னீரின் மட்டம் ஓரடி நிரந்தரமாகத் தாழ்ந்தால், கீழே உவர்நீர் பல மடங்கு மேலெழும். கடலை அண்டிய கிணறுகளில், வேகமாக இறைத்து முடிக்கும் வேளையில் தண்ணீர் சற்றுக் கரிப்பதை நாவே உணர்த்தும். அது தெரிந்தால் பம்பி கிணற்றுக்குப் பெரிது என்று பொருள். அதற்குப் பின் வெங்காயத் தாளின் நுனி கருகுவது நோயா, உப்பா என்று தேடவேண்டி வரும்.

பூட்டியபின் சோதனை

அவர் இரண்டாவது பம்பியையே வாங்கினார். முதல் நாள் 200 லீற்றர்ப் பீப்பா ஒன்றைக் குழாயின் வாயில் வைத்து நேரம் பார்த்தார். 65 விநாடியில் நிரம்பியது. அதாவது நிமிடத்துக்கு 185 லீற்றர். நாம் கணக்கிட்ட 200க்கு இது நெருங்கியதே. மின்வேலை செய்பவர் அளந்தபோது 5 அம்பியர் காட்டியது, தகட்டிலுள்ள 5.2 ஐத் தாண்டவில்லை.

பீப்பா நிரம்ப இரண்டு நிமிடம் எடுத்திருந்தால், முதலில் உறிஞ்சு குழாயின் பூட்டுகளில் காற்றுப் புகுகிறதா, புட்வால்வில் குப்பை அடைத்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அம்பியர் தகட்டைத் தாண்டினால் வீட்டு மின்னழுத்தத்தை அளக்கவேண்டும். மாலையில் 200 வோல்ற்றுக்குக் கீழே இறங்கும் கம்பிக்கோடியில் மோட்டர் அதிக மின்னோட்டம் இழுத்துச் சூடேறும். அங்கு இறைப்பைக் காலைக்கு மாற்றுவதே மருந்து.

குழுவில் செய்து பார்ப்பதற்கு

1. உங்கள் பம்பியின் தகட்டைப் படமெடுத்து வாருங்கள். அதன் Q, H எண்களைச் சோடி சேர்த்து, நூறு நூறு லீற்றராக அல்லது பத்துப் பத்து லீற்றராக ஒரு பட்டியல் எழுதுங்கள்.
2. இறைக்கும்போது உள்ள நீர்மட்டத்திலிருந்து தண்ணீர் விழும் இடம் வரை அளந்து, குழாயின் இழப்பையும் சேர்த்து மொத்த உயரத்தைக் காணுங்கள். அது உங்கள் பட்டியலுக்குள் எங்கே விழுகிறது?
3. இறைப்பு முடிந்து ஒரு மணித்தியாலத்தில் உங்கள் கிணறு எத்தனை அடி ஏறுகிறது? உங்கள் பம்பி எடுப்பது அதைவிட எவ்வளவு கூட?